அந்தப் பட்டனை இன்னும் அழுத்த வேண்டாம்

"சார், நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். என் போன், வீட்டுக்காரர் போன் இரண்டிலும் ஸ்டோரேஜ் ஃபுல் என்று வந்துகொண்டே இருக்கிறது. பெரியவள் பிறந்ததிலிருந்து ஒன்பது வருடப் போட்டோ எல்லாம் இதில்தான். ஸ்டேஷன் பக்கம் மொபைல் கடைப் பையன், கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு Free up space கொடுங்கள், இடம் காலியாகிவிடும் என்கிறான். என் நாத்தனார் அப்படிச் செய்துதான் மொத்தப் படமும் போச்சு என்கிறாள். ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறோம், பழைய விண்டோஸ் லேப்டாப் ஒன்றும் இருக்கிறது. எதை முதலில் செய்வது?"
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

கடைப் பையனும் பொய் சொல்லவில்லை, நாத்தனாரும் பொய் சொல்லவில்லை. ஒரே கதையின் முன்பாதியை அவனும் பின்பாதியை அவரும் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

முன்பாதி இது. Free up space கொடுத்தால், கூகுளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட படங்களை மட்டும் அந்த ஆப் உங்கள் போனிலிருந்து அழிக்கும். அழித்த பிறகும் ஆப்பைத் திறந்தால் எல்லாப் படமும் பழையபடி வரிசையாகத் தெரியும், ஏனென்றால் அவற்றை இப்போது மேலே, கூகுளிலிருந்து இறக்கிக் காட்டுகிறது. ஆக, பார்ப்பவருக்கு ஒன்றுமே போகவில்லை என்றுதான் தோன்றும். பின்பாதி சில மாதம் கழித்து வரும். இந்தமுறை நிறைந்தது போன் அல்ல, கூகுள் கணக்கு. இலவசமாகத் தருகிற 15 ஜிபி போட்டோவுக்கு மட்டும் கிடையாது. ஜிமெயில், டிரைவ், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் பேக்கப், எல்லாம் அந்த ஒரே டப்பாவுக்குள்தான். 'ஃபுல்' என்று மறுபடி வந்ததும் ஆள் ஆப்பைத் திறக்கிறார், "இதெல்லாம்தான் ஏற்கெனவே கூகுளில் இருக்கிறதே" என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நூறு நூறாக டெலிட் செய்கிறார். அவர் அழித்தது அந்தக் கூகுள் பிரதியைத்தான். போன் பிரதி முன்பே போயாச்சு. உங்கள் நாத்தனார் வீட்டில் நடந்தது அநேகமாக இதுதான். அவர் அழித்து இன்னும் 60 நாள் ஆகவில்லை என்றால் முதலில் அவரைக் கூப்பிட்டு, கூகுள் போட்டோஸில் Trash என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஏறியிருந்த படங்கள் 60 நாள் வரை அங்கே கிடக்கும், Restore கொடுத்தால் திரும்பி வரும். அந்தக் கெடு தாண்டிவிட்டால், போன படங்களை மீட்டுத் தரும் என்னைப் போன்ற ஆட்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கூகுள் போட்டோஸ் ஒரு கண்ணாடி மாதிரி. நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். போனில் ஒரு பிரதி, மேலே ஒரு பிரதி என்று இரண்டும் பத்திரமாக இருக்கும் நிலையில்கூட, அந்த ஆப்புக்குள் சாதாரண டெலிட் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். குழந்தை கையில் போன் கொடுக்கிற வீட்டில் இது எத்தனை சுலபமாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் விரல் தவறினால் தானும் சேர்ந்து தவறாத ஒரு பிரதி வேண்டும். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்கு அதுதான் வேலை. அதனால் முதலில் டிஸ்க், அதன் பிறகு கூகுள், கடைசியில்தான் அந்தப் பட்டன்.

நான் லாமிங்டன் ரோட்டில் ஹார்ட் டிஸ்க் வேலை பார்ப்பவன். போன மாதம் சயானில் ஒரு வீட்டில் உங்களைப் போலவே இரண்டு போன், ஒரு பழைய லேப்டாப். அங்கே செய்ததையே சொல்கிறேன், அதில் எங்கெங்கே இடறியது என்றும் சேர்த்து.

முதலில் கேபிள். போனுடன் வந்த கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஐம்பது ரூபாய்க்கு விற்கும் கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், ஃபைல் போகாது, லேப்டாப்புக்கு போன் கண்ணிலேயே படாது. சொருகியதும் போனை அன்லாக் செய்து, மேலிருந்து இழுத்தால் யுஎஸ்பி பற்றி ஒரு அறிவிப்பு வந்திருக்கும், அதைத் தொட்டு File transfer என்று மாற்ற வேண்டும். லேப்டாப்பில் This PC திறந்தால் போனின் பெயர் தெரியும். அதற்குள் Internal storage, அதற்குள் DCIM, அதற்குள் Camera. கேமராவில் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு ஃபோல்டரில்தான்.

அதைத் திறந்ததும் பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும், லேப்டாப் நின்றுவிட்டது என்றே நினைப்பீர்கள். பத்தாயிரம் படத்துக்கும் சின்னப் படம் வரைந்து காட்டப் பார்க்கிறது, அதனால்தான். View-வில் List என்று மாற்றிவிட்டு, ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பெயர்வாரியாக அடுக்கினால் தேதிவாரியாகவும் அடுக்கின மாதிரிதான், ஏனென்றால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஃபைல் பெயரே 20190814 என்பது போலத் தேதியோடு வருகிறது. ஒரு வருடத்துப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, லேப்டாப்பில் C: டிரைவில் Photos என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த வருடத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு ஒட்டுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் இழுத்தால் பாதியில் எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கவனியுங்கள், காப்பிதான், கட் கிடையாது. இடம் காலியாக வேண்டும் என்ற அவசரத்தில் கட் கொடுத்து, நடுவில் கேபிள் அசைந்து, அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போன படங்களோடு என் மேஜைக்கு வந்தவர்கள் நிறைய. போனிலிருந்து இன்றைக்கு எதையும் அழிக்கப் போவதில்லை.

அடுத்ததை யாரும் செய்வதில்லை, ஆனால் இதில்தான் விஷயமே இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். போன் ஃபோல்டரில் நின்று Ctrl+A அழுத்தினால் ஜன்னலின் கீழ் ஓரத்தில் எத்தனை உருப்படி என்று வரும். லேப்டாப் பக்கமும் அதே கணக்கு. சயான் வீட்டில் அந்த ஐயா போனில் 11,412, லேப்டாப்பில் வருடக் கணக்குகளைக் கூட்டினால் 11,377. முப்பத்தைந்து குறைகிறது. "பரவாயில்லை சார், முப்பத்தஞ்சுதானே" என்றார். வருடம் வருடமாக ஒப்பிட்டுப் பார்த்ததில் முப்பத்தைந்தும் ஒரே நாள், அவர் தங்கையின் வளைகாப்பு. காப்பி ஓடும்போது கேபிள் தளர்ந்து ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் Skip கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். போய்ச் சேராதது போக, சேர்ந்ததிலும் ஒரு வீடியோ 0 KB. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. எண்ணிக்கை சரியாக வந்த பிறகும் லேப்டாப் பக்கம் Size-ஐக் கொண்டு ஒருமுறை அடுக்கிப் பாருங்கள், 0 KB ஆட்கள் எல்லாம் ஒரு முனையில் வந்து நிற்பார்கள். அவற்றை மட்டும் மறுபடி காப்பி செய்தால் போதும்.

அப்புறம் வாட்ஸ்அப். குழந்தையின் படங்களில் பாதி தாத்தா பாட்டியும் சித்தியும் அனுப்பியவைதானே, அவை Camera ஃபோல்டரில் இருக்காது. Android, media, com.whatsapp, WhatsApp, Media என்று ஒவ்வொன்றாக உள்ளே போனால் WhatsApp Images, WhatsApp Video என்று இருக்கும். இவை கூகுள் போட்டோஸுக்கும் தானாக ஏறாது, அந்த ஆப்பில் Back up device folders என்ற இடத்தில் நீங்களாக ஆன் செய்திருந்தால்தான் ஏறும். குட்மார்னிங் ரோஜாவும் பிள்ளையாரும் ஆயிரக்கணக்கில் கூடவே வரும், வரட்டும். களை எடுப்பதைப் பின்னால் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம். ஃபைல் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி பதிந்திருக்கும், வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அது உரிக்கப்பட்டுவிடும். IMG-20190814-WA0012 என்ற பெயரில் இருக்கும் அந்த எட்டு எண்தான் தேதிக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி. அதே இடத்தில் WhatsApp Voice Notes என்று இன்னொரு ஃபோல்டர் உண்டு. போட்டோ இல்லைதான், ஆனாலும் எடுத்து வையுங்கள். மாமியார் இறந்து ஆறு மாதம் கழித்து "அம்மா குரல் எங்கேயாவது கிடைக்குமா" என்று வந்தவருக்கு அந்த ஃபோல்டரில்தான் கிடைத்தது.

எல்லாம் லேப்டாப்பில் அந்த Photos ஃபோல்டருக்குள் சேர்ந்தாயிற்று. அங்கிருந்து டிஸ்க்குக்கு இழுத்துப் போடலாம்தான், ஆனால் விண்டோஸிலேயே இதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. நடுவில் கரன்ட் போனாலும் மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டில் cmd என்று அடித்துத் திறந்து, உங்கள் டிஸ்க் E: என்று காட்டுகிறது என்றால், இப்படி:

```
robocopy "C:\Photos" "E:\Photos" /E /R:2 /W:5
```

முடிவில் ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் Files என்ற வரியில் FAILED என்ற கட்டத்தின் கீழே பூஜ்யம் இருக்க வேண்டும். அடுத்த முறை புதுப் படங்களைச் சேர்த்துவிட்டு இதையே ஓட்டினால், ஏற்கெனவே போனதைத் தாண்டிவிட்டுப் புதியதை மட்டும் எடுத்துப் போகும். யாராவது பின்னால் /MIR சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது டிஸ்க்கையும் கண்ணாடியாக்கிவிடும், லேப்டாப்பில் இல்லாததையெல்லாம் டிஸ்க்கிலிருந்து அழித்துவிடும். நாத்தனார் கதை டிஸ்க்கிலும் வேண்டாம்.

டிஸ்க்கைச் சொருகினால் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று பயப்பட வேண்டாம். கம்பெனிக்காரர் ஆயிரத்தில் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024-இல் போடுகிறது, ஏமாற்று ஒன்றும் இல்லை. ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் ரோட்டிலேயே நடைபாதையில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாக '2 டிபி' பென் டிரைவ் விற்பார்கள். உள்ளே உண்மையில் 32 அல்லது 64 ஜிபிதான் இருக்கும், வெளியே பெரிதாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். காப்பி எல்லாம் முடிந்த மாதிரியே தெரியும், ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம். பில் போட்டு வாங்கிய டிஸ்க் என்றால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேலே மயிரிழை இடைவெளியில் ஒரு ஊசி மாதிரி ஒன்று நகர்கிறது. ஓடும்போது தட்டிவிட்டால் கதை முடிந்தது. இதை ஊருக்கெல்லாம் சொல்கிற நானே, ஒரு ஜூன் மாதம், டிவியில் சொருகிய டிஸ்க்கை அப்படியே தொங்கவிட்டு வைத்திருந்தேன். ஜன்னலைச் சாத்த ஓடியதில் கால் வயரில் மாட்டி டிஸ்க் தரையில் விழுந்தது. எடுத்துச் சொருகினால் டிக், டிக், டிக். அந்தச் சத்தம் வந்தால் மறுபடி மறுபடி சொருகிப் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஊசி தட்டைக் கீறக்கூடும். தெரிந்தும் இரண்டு தடவை சொருகினேன், மனசு கேட்கவில்லை. இன்னொன்று, டிஸ்க்கைச் சொருகியதும் You need to format the disk என்று விண்டோஸ் கேட்டால் Cancel கொடுங்கள். பயந்துபோய் ஓகே கொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் Cancel கொடுத்திருந்தால் அவர்களுடைய படங்கள் முழுசாகக் கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் ஒரு டிஸ்க் போதாது, அதே அளவில் இன்னொன்று வாங்கி, அதே கட்டளையை அதற்கும் ஓட்டுங்கள். இரண்டாவது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கும். அப்போது குர்லா, கலினா பக்கம் தரைத்தள வீடுகளிலிருந்து சேறோடு வந்த டிஸ்க்குகளை நான் கழுவியிருக்கிறேன். ஒரே அலமாரியில் வைத்த இரண்டு பிரதியும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும். டோம்பிவிலியிலோ தானேயிலோ அண்ணன் தம்பி வீடு இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள். அதற்கு முன், ஆதார், பான், பாஸ்போர்ட் படங்கள் வாட்ஸ்அப் ஃபோல்டரில் கலந்து கிடக்கும், அவற்றை அந்தப் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள், கட்டளையை மறுபடி ஓட்டினால் அவை திரும்ப வந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும். மழைக்காலத்தில் டிஸ்க்கை ஜிப் கவரில், புதுச் செருப்பு டப்பாவில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

இப்போது கூகுளுக்கு வருவோம். கூகுள் போட்டோஸைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொடுங்கள். Backup complete என்று இருக்கிறதா, இல்லை கணக்கு நிறைந்துவிட்டது என்று இருக்கிறதா? சயான் வீட்டில் பிப்ரவரியோடு நின்றுபோயிருந்தது, எட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. இந்த நிலையில் அவர்கள் Free up space கொடுத்திருந்தால், மேலே ஏறாத படங்களை அது தொட்டிருக்காது, அது நல்லதுதான். ஆனால் "என்னடா, கொஞ்சம்தான் காலியாச்சு" என்று ஆட்கள் கேலரிக்குள் போய்க் கையால் அழிக்க ஆரம்பிப்பார்கள், ஏறாதவை அப்போதுதான் போகும்.

15 ஜிபியில் ஒன்பது வருடம் அடங்காது. 100 ஜிபி திட்டம் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்தான், ஒருவர் வாங்கினால் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேர் வரை அதே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவர் படம் இன்னொருவருக்குத் தெரியாது, இடம் மட்டும்தான் பொது. ஏற்ற ஆரம்பிக்கும் முன் Backup quality என்பதில் Original quality வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். Storage saver என்றிருந்தால் படத்தைச் சுருக்கி ஏற்றும், 16 மெகாபிக்சலுக்கு மேல் இருப்பதை அந்த அளவுக்குக் குறைக்கும், பெரிய வீடியோவை 1080p ஆக்கும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதன் பிறகு Free up space கொடுத்தால் அசல் போய், சுருக்கிய பிரதி மட்டும் மிஞ்சும். உங்களுக்கு அசல் டிஸ்க்கில் இருப்பதால், கூகுளில் இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் Storage saver வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை என்பேன். டிஸ்க் இல்லாதவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

முன்பு எப்போதாவது Free up space கொடுத்திருக்கிறீர்களா என்று வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். கொடுத்திருந்தால் அந்தப் படங்கள் போனில் இருக்காது, கேபிள் வழியாக டிஸ்க்குக்கு வந்திருக்காது. லேப்டாப்பில் takeout.google.com போய், Deselect all கொடுத்து, Google Photos மட்டும் டிக் செய்தால் மொத்தத்தையும் ஜிப் மூட்டைகளாகக் கட்டி மெயிலில் சுட்டி அனுப்புவார்கள். சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகும், வந்தால் ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். படத்தோடு கூட json என்று முடியும் ஃபைல்கள் வரும். குப்பை என்று எறியாதீர்கள், தேதியும் நீங்கள் எழுதிய குறிப்புகளும் அதில்தான் இருக்கும்.

கணக்கின் சாவியையும் ஒருமுறை பாருங்கள். கூகுள் கணக்கில் உள்ள போன் எண் இப்போது கையில் இருக்கும் சிம்தானா? ஊரில் வாங்கிய பழைய தமிழ்நாட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்கள் இங்கே ஏராளம். கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில், 2-Step Verification என்பதற்குள், Backup codes என்று பத்து எண்கள் தருவார்கள், அச்சடித்து ரேஷன் கார்டோடு வையுங்கள். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பது 2023-இல் வந்த விதி. மாமனார் பெயரில் ஒரு கணக்கில் பழைய படம் கிடக்கிறது என்றால், அதையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

பிறகு பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆடிப்பெருக்கு, தீபாவளி என்று நாலு தடவை, புதுப் படங்களைக் கேபிளில் இறக்கி அதே கட்டளையை ஓட்டினால் போதும். ஓட்டும்போது பழைய வருட ஃபோல்டரில் நாலைந்து படம், ஒரு வீடியோ திறந்து பாருங்கள். திறக்கச் சுணங்கினால், அல்லது காப்பி வழக்கத்தைவிட ரொம்ப மெதுவாகப் போனால், டிஸ்க் மாற்றும் காலம் வந்துவிட்டது.

டிஸ்க் இரண்டிலும் எண்ணிக்கை சரி, கூகுளில் Backup complete, வளைகாப்பு மாதிரி ஒரு நாளை எடுத்து மூன்று இடத்திலும் திறந்து பார்த்தாயிற்று என்றால், இப்போது கடைப் பையன் சொன்ன அந்தப் பட்டனை அழுத்துங்கள். எத்தனை ஜிபி காலியாகும் என்று அதுவே சொல்லும். அதற்குப் பிறகும் இடம் போதவில்லை, ஒன்றிரண்டு படத்தை போனிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்றால், குப்பைத் தொட்டிப் படத்தைத் தொடாமல், மூன்று புள்ளி மெனுவில் Delete from device என்று இருப்பதைத் தேடி அதைக் கொடுங்கள்.